முதல் கீமோவுக்கு முன்னுள்ள நாட்கள்

புற்றுநோய் என்று உறுதியானதும் குடும்பத்தினர் கேட்கும் முதற்கேள்வி, உயிரைக் காப்பாற்ற முடியுமா என்பதே. எதிர்காலத்தில் குழந்தை பிறக்குமா என்ற கேள்வி பெரும்பாலும் சிகிச்சை முடிந்த பிறகே எழுகிறது. ஆனால் அதற்கான வழிகள் பலவும் கீமோதெரபி தொடங்குவதற்கு முன்னரே திறந்திருக்கின்றன. எனவே அந்தச் சில நாட்களில் என்ன செய்ய இயலும் என்பதை இங்கே விளக்குகிறோம்.

ஒரு பெண் பிறக்கும்போதே அவளுடைய சினைப்பையில் வாழ்நாளுக்குரிய கருமுட்டைகள் அனைத்தும் அமைந்துவிடுகின்றன, புதியவை உருவாவதில்லை. சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகளும், அடிவயிற்றில் செலுத்தப்படும் கதிர்வீச்சும் இந்தச் சேமிப்பைக் குறைத்துவிடும். சிகிச்சைக்குப் பின் மாதவிடாய் திரும்பி வந்தாலும், சேமிப்பு முன்போலவே இருக்கிறது என்று கொள்ள முடியாது.

மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட, திருமணமாகாத 27 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கீமோதெரபி தொடங்க மூன்று வார அவகாசம் இருப்பதாகப் புற்றுநோய் மருத்துவர் கூறுகிறார். மறுநாளே கருத்தரிப்பு மருத்துவர் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்து, கருமுட்டைச் சேமிப்பை மதிப்பிடுகிறார். முன்பு அடுத்த மாதவிடாய்க்காகக் காத்திருப்பார்கள். இப்போது சுழற்சியின் எந்த நாளிலும் ஹார்மோன் ஊசியைத் தொடங்கலாம். இந்த ஊசியால் ஈஸ்ட்ரோஜன் உயரும் என்பதால், அதைக் கட்டுக்குள் வைக்க லெட்ரோசோல் மாத்திரையும் உடன் தரப்படுகிறது. இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஸ்கேன் செய்து வளர்ச்சியைப் பார்க்கிறார்கள். ஏறத்தாழ பத்து முதல் பன்னிரண்டு நாட்களில் முட்டைகள் முதிர்கின்றன. இறுதி ஊசி போட்டு ஏறத்தாழ 36 மணி நேரம் கழித்து, மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய ஊசியால் அவற்றை வெளியே எடுக்கிறார்கள். கிடைத்த பதினொன்றில் எட்டு முதிர்ந்தவை என்றால், அந்த எட்டும் உறைய வைக்கப்படும். சில நாட்களில் கீமோதெரபி, குறித்த தேதியிலேயே தொடங்கிவிடும்.

எட்டு முட்டைகள் என்பது எட்டுக் குழந்தைகள் அன்று. உருக்கும்போது சில சிதையும், சில கருவுறா, கருவுற்றவை எல்லாமும் கருப்பையில் தங்கா. ஊசிக் காலத்திலோ, முட்டை எடுத்த பின்னரோ வயிறு உப்புதல், மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல் ஆகியவை தோன்றினால் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டிருக்கலாம். அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும்.

இரண்டு வாரம் காத்திருக்க இயலாதவர்களுக்கும், பூப்படையாத சிறுமியருக்கும் வேறொரு வழி உண்டு. லேப்ராஸ்கோபி மூலம் ஒரு சினைப்பையை முழுதாகவோ பகுதியாகவோ எடுத்து, முட்டைகள் பொதிந்துள்ள அதன் மேலடுக்கைச் சிறு கீற்றுகளாக்கி உறைய வைப்பார்கள். நோய் குணமான பிறகு அதை மீண்டும் உடலில் பொருத்தலாம். சில மாதங்களில் அது இயங்கத் தொடங்கும். இம்முறையில் பிறந்த முதல் குழந்தை 2004இல் பெல்ஜியத்தில் பிறந்தது. ரத்தப் புற்றுநோயில் மட்டும் எச்சரிக்கை தேவை. எடுத்த திசுவில் நோயணுக்கள் ஒளிந்திருக்கக்கூடும் என்பதால், அதைத் திரும்பப் பொருத்துவது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது.

ஆண்களுக்கு வழி எளிது. ஓரிரு நாட்கள் போதும். பூப்படைந்த இளைஞர் கீமோதெரபிக்கு முன் ஒரு நாளோ இரண்டு நாளோ இடைவெளி விட்டு, இரண்டு மூன்று மாதிரிகள் தருகிறார். அவை திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைக்கப்படுகின்றன. விரைப் புற்றுநோயிலும் ஹாட்ஜ்கின் நோயிலும் விந்தணு எண்ணிக்கை முன்னரே குறைந்திருக்கலாம். அதனால் மனம் தளர வேண்டியதில்லை. ஒரு முட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவைச் செலுத்திக் கருவுறச் செய்ய முடியும். கீமோதெரபி தொடங்கிய பின் எடுக்கும் விந்தணுக்களில் மரபணுச் சேதம் இருக்கக்கூடும். ஆகவேதான் முதல் மருந்துக்கு முன்பே என்கிறோம். பூப்படையாத சிறுவர்களுக்கு விரைத் திசுவை உறைய வைக்கும் முறை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

சில தீவிர ரத்தப் புற்றுநோய்களில் சிகிச்சையை ஓரிரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாது. அப்போது உயிரே முதன்மை என்று மறைக்காமல் சொல்வோம். மற்றவர்கள் முதற்சந்திப்பிலேயே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இந்தச் சிகிச்சை கருவளத்தைப் பாதிக்குமா? தொடங்குவதற்கு எத்தனை நாள் இருக்கிறது? திருமணமாகாத மகளுக்காகக் கேட்கத் தயங்கும் பெற்றோர்க்கும் இதையே சொல்கிறோம். கருமுட்டையை உறைய வைக்கக் கணவர் தேவையில்லை, நாட்கள்தாம் தேவை.