உறையைப் பிரிக்கும் முன் நிபந்தனையை எழுது!
சர்வே முடிவுகளை நம்பலாமா? ஆப்பிரிக்கக் கிராமங்களில் கிடைத்த பாடம்

டெண்டர் விடும் ஆபீசில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த நடைமுறை நன்றாகத் தெரியும். யாருக்குக் காண்டிராக்ட் கொடுப்பது, அதை எந்த அடிப்படையில் முடிவு செய்வது என்பதை முதலிலேயே எழுதி வெளியிட்டு விட வேண்டும். அதன் பிறகுதான் முத்திரையிட்ட உறைகள் பெட்டியில் விழும். உறைகளைப் பிரித்த பிறகு, "விலையை மட்டும் பார்த்தால் போதாது, அனுபவத்தையும் பார்ப்போம்" என்று ஒருவர் சொன்னால் என்ன ஆகும்? கடைநிலை ஊழியர் முதல் மேலதிகாரி வரை எல்லோருக்கும் சந்தேகம் வந்து விடும்.

மக்களிடம் கேள்வி கேட்டு நடத்தும் சர்வேக்களிலும் இந்தச் சந்தேகத்துக்கு இடம் உண்டு. பதில்கள் வந்து சேர்ந்த பிறகு, எந்தக் கேள்வியை முக்கியமாக எடுத்துக் கொள்வது, எதை ஒதுக்குவது, யாரை யாரோடு ஒப்பிடுவது என்று தீர்மானித்தால், விரும்பிய முடிவை வரவழைத்து விடலாம். இதில் பொய்க் கணக்கு எதுவும் எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு எண்ணும் உண்மையாகவே இருக்கும். சொல்லும் கதை மட்டும் பொய்யாகி விடும்.

இதைத் தடுக்க ஒரு வழி இருக்கிறது. பதில்களைப் பார்க்கும் முன்பே, "இந்த இந்தக் கேள்விகளை, இந்த இந்த முறையில் கணக்கிடுவோம்" என்று எழுதி, தேதியிட்டு, பிறகு மாற்ற முடியாத ஓர் இடத்தில் ஒப்படைத்து விட வேண்டும். இதற்கு ஆய்வுத் திட்டத்தை முன்பதிவு செய்தல் என்று பெயர். இதனால் என்ன பயன் என்பதை ஆப்பிரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு விளக்கமாகக் காட்டியிருக்கிறது.

போருக்குப் பின் வந்த திட்டம்

மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன் என்று ஒரு சிறிய நாடு இருக்கிறது. 1991-ல் அங்கு மூண்ட உள்நாட்டுப் போர் 2002-ல்தான் முடிந்தது. பள்ளிகளும் பாலங்களும் பாழாகிக் கிடந்தன. கிராமங்களில் தலைவர்களும் முதியவர்களும் வைத்ததே சட்டம். பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் பேச்சுரிமை குறைவு. போர் மூண்டதற்கு இளைஞர்களின் மனக்குமுறலும் ஒரு காரணம் என்று பலர் கருதினார்கள்.

இந்த நிலையில் உலக வங்கியின் உதவியோடு "கோபிஃபோ" என்ற திட்டம் வந்தது. அந்நாட்டுக் கிரியோ மொழியில் இதற்கு "முன்னேறிச் செல்" என்று பொருள். ஒரு கிராமத்துக்குச் சுமார் 4,700 டாலர் கொடுத்தார்கள். அதோடு வழிகாட்டிகளும் ஊருக்கு வந்து கூட்டங்கள் நடத்தினார்கள். பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதைப் பெண்களும் இளைஞர்களும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். ஊருக்குக் கட்டடமும் வரும், ஊரின் நடைமுறையும் மாறும் என்பது எதிர்பார்ப்பு.

மாறியதா என்று பார்க்கும் பொறுப்பை கேத்தரின் கேசி, ரேச்சல் கிளென்னர்ஸ்டர், எட்வர்ட் மிகுவெல் என்ற மூன்று பொருளாதார நிபுணர்கள் ஏற்றார்கள். பொம்பாலி, பொந்தே என்ற இரு மாவட்டங்களில் 236 கிராமங்களை எடுத்துக் கொண்டார்கள். குலுக்கல் முறையில் 118 கிராமங்களுக்குத் திட்டம் கிடைத்தது. மற்ற 118 கிராமங்களுக்குக் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளுக்குப் பிறகு இரு தரப்பையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்து விடும்.

334 விஷயங்கள்!

"ஊரின் நடைமுறை மாறியதா?" என்று ஒரே கேள்வியில் கேட்டு விட முடியாது. கூட்டத்துக்கு வந்தீர்களா, பேசினீர்களா, ஓட்டுப் போட்டீர்களா, சங்கத்தில் உறுப்பினரா, அண்டை வீட்டாரை நம்புகிறீர்களா என்று பலவாறாகக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். இப்படி அவர்கள் அளந்தவை மொத்தம் 334 விஷயங்கள்.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. வித்தியாசமே இல்லாத இரு தரப்பை ஒப்பிட்டாலும், சில கேள்விகளில் தற்செயலாக வித்தியாசம் தென்படும். நூற்றுக்கு ஐந்து முறை இப்படித் தவறலாம் என்று ஏற்றுக் கொண்டு கணக்கிடுவதே ஆய்வாளர்களின் பொதுவான வழக்கம். அப்படியானால் 334 கேள்விகளில், திட்டத்தால் எந்தப் பலனும் இல்லாவிட்டாலும், சுமார் 17 கேள்விகள் "பலன் உண்டு" என்று சொல்லும். அவற்றில் ஏறக்குறையப் பாதி நல்லதாகத் தெரியும். மறுபாதி கெட்டதாகத் தெரியும்.

எட்டு நல்ல முடிவுகள் கையில் இருந்தால் ஓர் அறிக்கை எழுதப் போதாதா? எட்டு கெட்ட முடிவுகள் கிடைத்தால் எதிர்ப்பு அறிக்கைக்கும் அது போதும்.

ஒரே சர்வே, இரண்டு கதை

மூன்று நிபுணர்களும் 2012-ல் தங்கள் ஆய்வை வெளியிட்டபோது இதைக் கற்பனையாகச் சொல்லி விட்டு விடவில்லை. தங்கள் சர்வேயிலிருந்தே இரண்டு கதைகளைத் தயாரித்துக் காட்டினார்கள்.

முதல் கதை: "திட்டம் ஊரைக் கெடுத்து விட்டது." எல்லாக் கிராமங்களுக்கும் ஆய்வாளர்கள் ஒரு தார்ப்பாய் இனாமாகக் கொடுத்திருந்தார்கள். ஊர் அதை என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காகவே கொடுத்த தார்ப்பாய் அது. திட்டம் நடந்த ஊர்களில் தார்ப்பாயைப் பற்றிப் பேசக் கூட்டத்துக்கு வந்தவர்கள் குறைவு. எல்லோருக்கும் சமமான பேச்சுரிமை இருந்தது என்று சொன்னவர்களும் குறைவு. தார்ப்பாயை உபயோகித்த ஊர்கள் குறைவு. உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்களும் குறைவு.

இரண்டாவது கதை: "திட்டம் ஊரைச் சீர்படுத்தி விட்டது." அதே ஊர்களில் பெண்கள் சங்கத்தில் சேர்ந்தவர்கள் அதிகம். கூட்ட நடவடிக்கைகளைக் குறிப்பேட்டில் எழுதி வைத்த ஊர்கள் அதிகம். பொறுப்புள்ள இளைஞர்களும் நல்ல தலைவர்களாக முடியும் என்று சொன்னவர்கள் அதிகம். அடுத்த பொதுத் தேர்தல் எந்த ஆண்டு என்று சரியாகச் சொன்னவர்களும் அதிகம்.

இரண்டு கதைகளுக்கும் சர்வேயில் ஆதாரம் இருக்கிறது. திட்டத்தை நடத்துகிறவர் இரண்டாவதை எடுத்துக் கொள்வார். உதவிப் பணத்தை வெட்ட நினைப்பவர் முதலாவதை எடுத்துக் கொள்வார். ஏழை ஊர்களுக்குப் பணம் தொடர்ந்து போவதா நிற்பதா என்பது, எழுதுகிறவர் எதைப் பொறுக்கினார் என்பதைப் பொறுத்ததாகி விடும்.

கையைக் கட்டிய காகிதம்

ஆனால் அவர்களால் அப்படிப் பொறுக்க முடியாது. தங்கள் கைகளை அவர்களே முன்கூட்டிக் கட்டிக் கொண்டிருந்தார்கள். திட்டம் தொடங்கிய 2005-லேயே, எது எது மாற வேண்டும் என்பதைத் திட்ட நிர்வாகிகளோடு பேசி எழுதிக் கொண்டார்கள். 2009-ல், இறுதி சர்வேயின் பதில்களைக் கணக்கிடும் முன், விரிவான ஆய்வுத் திட்டத்தை எழுதி, வறுமை ஒழிப்பு ஆய்வுகளை நடத்தும் ஜே-பால் என்ற அமைப்பிடம் ஒப்படைத்தார்கள்.

அதில் 334 விஷயங்களையும் 12 தலைப்புகளுக்குள் அடக்கியிருந்தார்கள். ஒவ்வொரு தலைப்பிலும் உள்ள எல்லாக் கேள்விகளையும் சேர்த்து ஒரே சராசரி காண வேண்டும் என்பது விதி. பள்ளிக்கூட மார்க் ஷீட்டைப் போலத்தான். ஓவியத்தில் 90 வாங்கிய பையன், கணக்கில் வாங்கிய 20-ஐ மறைத்து விட்டு "நான் கெட்டிக்காரன்" என்று சொல்ல முடியாது. எல்லாப் பாடங்களையும் கூட்டித்தான் சராசரி போட வேண்டும்.

அப்படிப் போட்டபோது கிடைத்த விடை என்ன? கட்டடம், பொதுவசதி, வியாபாரம் ஆகியவற்றில் தெளிவான முன்னேற்றம் இருந்தது. பணம் வீணாகவில்லை. ஆனால் பெண்களின் குரல், இளைஞர்களின் பங்கு, ஊர் ஒற்றுமை ஆகியவற்றில் சராசரி ஏறக்குறைய பூஜ்யம். ஊர் கெடவும் இல்லை, மாறவும் இல்லை. இரண்டு கதைகளுமே தவறு!

எழுத வேண்டியது என்ன?

"நேர்மையாகக் கணக்கிடுவோம்" என்று எழுதி வைத்தால் அது திட்டமாகாது. பிறகு நழுவ இடம் தராதபடி எழுத வேண்டும். தார்ப்பாயையே எடுத்துக் கொள்வோம். ஓர் ஊர் தார்ப்பாயை உபயோகிக்காமல் மடித்து வைத்திருக்கிறது. இது அலட்சியமா, மழைக்காலத்துக்கான சேமிப்பா? பதிலைப் பார்த்த பிறகு எப்படி வேண்டுமானாலும் சொல்லிக் கொள்ளலாம். ஆகவே, "உபயோகித்தால் நல்லது என்று கொள்வோம்" என்று முன்பே எழுதி விட வேண்டும்.

"தெரியாது" என்று பதில் சொன்னவர்களைத் தவறான பதில் சொன்னவர்களோடு சேர்ப்பதா, கணக்கிலிருந்தே நீக்குவதா? பெண்களைத் தனியாகவும் இளைஞர்களைத் தனியாகவும் பிரித்துப் பார்ப்போமா? எத்தனை பேரைக் கேட்பது, எப்போது நிறுத்துவது? இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி வேண்டும். கடைசிக் கேள்வியை விட்டு விட்டால், விரும்பிய விடை வரும்வரை ஆட்களைச் சேர்த்துக் கொண்டே போகலாம்.

எதிர்பாராத ஒன்று பதில்களில் தென்பட்டால் அதைச் சொல்லவே கூடாதா? சொல்லலாம். ஆனால் "இது எங்கள் திட்டத்தில் இல்லை, பிறகு கண்டது" என்று தனியாகக் குறிப்பிட வேண்டும். அது ஒரு யோசனையாக நிற்கும். உண்மைதானா என்பதை வேறு ஒரு சர்வே சோதித்துச் சொல்ல வேண்டும்.

இதனால் ஆகாதவை

முன்பதிவு எல்லா நோய்க்கும் மருந்தல்ல. தொழிலாளர் குடியிருப்பில் பகல் பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டுகிறவர் யாரைச் சந்திப்பார்? ராத்திரி ஷிப்ட் பார்த்து விட்டு வந்தவரையும், வேலை இல்லாதவரையும்தான். அந்தக் குறையை எந்த முன்பதிவும் சரி செய்யாது. குழப்பமான கேள்வியையும் அது தெளிவாக்காது. பதிவு செய்த திட்டத்தை வெளியான அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லாவிட்டால், அது பைலில் தூங்கும் காகிதம்தான்.

நம் நாட்டில் மருந்துச் சோதனைகளைப் பதிவு செய்யும் ஏடு 2007-ல் தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல் அந்தப் பதிவு கட்டாயமாயிற்று. ஒரு சோதனையில் எதை முக்கிய விடையாகப் பார்க்கப் போகிறார்கள் என்பது அதில் இருக்கும். அதை யாரும் இணையத்தில் பார்க்கலாம். பொருளாதாரச் சோதனைகளுக்கென்று அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் 2013-ல் ஒரு பதிவேட்டைத் தொடங்கியது.

ஆகவே ஒரு சர்வே முடிவைப் படிக்கும்போது மூன்று விஷயங்களைக் கேட்கலாம். ஆய்வுத் திட்டம் பதிவாகி இருக்கிறதா? அதன் தேதி, பதில்கள் வருவதற்கு முந்தியதா? அதில் முக்கியம் என்று எழுதிய கேள்விதான் இப்போது தலைப்பில் இருக்கிறதா? தலைப்பில் ஒன்றும் திட்டத்தில் வேறொன்றும் இருந்தால், உறையைப் பிரித்த பிறகு நிபந்தனையை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

கோபிஃபோ திட்டம் தொடங்கி 11 ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அதே கிராமங்களை மீண்டும் ஆராய்ந்தார்கள். பொதுவசதிகளிலும் வியாபாரத்திலும் கண்ட முன்னேற்றம் நிலைத்திருந்தது. ஊரின் நடைமுறையில் மாற்றம் சிறிதளவே இருந்தது.