ஓராண்டுப் பதிவுகளும் ஒருவரின் குரலும்

முகநூலில் ஒருவர் தம் வாழ்வின் முக்கிய நாள்களைப் பற்றி எழுதும்போது, அவற்றை ஒவ்வொன்றாகவே எழுதுகிறார். தைப்பொங்கலுக்கு ஒரு பதிவு, சித்திரைப் புத்தாண்டுக்கு ஒன்று, நல்லூர்த் தேர் நாளுக்கு ஒன்று என்று மாதக்கணக்கான இடைவெளியில் அவை பிறக்கின்றன. ஆனால் படிப்பவர் அவ்வாறு படிப்பதில்லை. கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் உறவினர் ஒருவர், ஓய்வான ஒரு மாலைப்பொழுதில் அப்பக்கத்தைத் திறந்து, அண்மையில் எழுதியது தொடங்கிப் பழையது வரை பத்து நிமிடத்தில் படித்து முடித்துவிடுகிறார். பன்னிரண்டு மாத இடைவெளி பத்து நிமிடமாகச் சுருங்கும்போது, எழுதியவருக்குத் தோன்றாத வேறுபாடுகள் படிப்பவருக்குப் பளிச்சென்று தெரிகின்றன. ஒரே பெயரின் கீழ் நான்கைந்து பேர் மாறி மாறிப் பேசுவதுபோல் இருக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இது நிகழ்வதற்குத் தனிக் காரணம் உண்டு. இங்கு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஆயத்தமான ஒரு மொழி முன்பே காத்திருக்கிறது. மரணத்துக்குப் பத்திரிகை அறிவித்தலின் மொழியும், முப்பத்தோராம் நாளன்று வெளியிடப்படும் கல்வெட்டின் மொழியும் உள்ளன. பட்டமளிப்புக்குப் பாராட்டு விழா மேடையின் மொழி உள்ளது. ஆடிப்பிறப்பு வந்தால் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் பாடலை எடுத்து இடாதார் குறைவு. பிறந்தநாளுக்குத் தமிழகத் திரைப்படப் பேச்சு கைகொடுக்கிறது. இவற்றுள் எதுவும் தவறான மொழி அன்று. ஆயினும் நாளுக்கு நாள் இரவல் வாங்கும்போது, எழுதியவரின் குரல் மட்டும் எங்கும் கேட்பதில்லை.

உரும்பிராயில் வாழும் ஓர் இளம் ஆசிரியையை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்துகொள்வோம். தைப்பொங்கலன்று அவர் இவ்வாறு எழுதுகிறார்: “இண்டைக்கு முற்றத்தில பொங்கினம். பானை வடக்குப் பக்கம் சரிஞ்சு பொங்கிச்சு. அம்மம்மா அதைப் பாத்திட்டுச் சிரிச்சவ.” புரட்டாதியில் தம்பி பட்டம் பெற்றபோது எழுதுகிறார்: “எமதருமைச் சகோதரனின் வெற்றிப் பயணம் மென்மேலும் தொடர வாழ்த்திப் பெருமிதம் கொள்கின்றோம்.” கார்த்திகையில் அம்மம்மா காலமானபோது, “எமது குடும்பத்தின் ஒளிவிளக்கு அணைந்தது. பாட்டியின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கின்றோம்” என்று எழுதுகிறார்.

இம்மூன்றையும் அடுத்தடுத்துப் படித்தால் குறை எங்கே என்பது விளங்கும். முதலாவது, தன்னைக் குறிக்கும் சொல். பொங்கலன்று வீட்டாரோடு நின்று இயல்பாகப் பேசியவர், பின்னர் ‘எமது’, ‘கொள்கின்றோம்’ என்று ஒரு சங்கத்தின் செயலாளர் போலப் பேசுகிறார். இரண்டாவது, உறவுப்பெயர். தையில் அம்மம்மாவாக இருந்தவர் கார்த்திகையில் பாட்டியாகிவிட்டார். தாயின் தாயை அம்மம்மா என்றும் தந்தையின் தாயை அப்பம்மா என்றும் பிரித்து வழங்கும் வீட்டில், ‘பாட்டி’ என்பது அயல்வீட்டுச் சொல்லாக ஒலிக்கிறது. மூன்றாவது, பேச்சுத்தமிழும் எழுத்துத்தமிழும் காரணமின்றி இடம் மாறுகின்றன. நான்காவது, கண்ணின் பார்வை. பொங்கல் பதிவில் சரிந்த பானையைக் கண்ட கண், பட்டமளிப்பில் எதையும் காணவில்லை. இந்த நான்கினுள் இறுதியானதே பெரிது. சொல்லைத் திருத்திவிடலாம், காணாததை எழுத இயலாது.

இதைச் சீர்செய்யும் வழி, புதிதாக ஒரு நடையைச் செய்துகொள்வதன்று. ஏற்கெனவே இருப்பதைக் கண்டெடுப்பதே. அந்த ஆசிரியை தம் உடன்பிறந்தாருக்கு யோசிக்காமல் அனுப்பிய செய்திகளில் பத்தை எடுத்து ஒன்றாக வைத்துப் படிக்க வேண்டும். தன்னை எவ்வாறு குறிக்கிறார், யாரை எப்பெயரால் அழைக்கிறார், வாக்கியம் எவ்வளவு நீளம், முதலில் எதைச் சொல்கிறார் என்பன அங்கே தெரியும். அவற்றை ஒரு சிறு தாளில் நான்கு வரியாக எழுதி வைத்தால் ஆண்டு முழுவதற்கும் அதுவே அளவுகோல். பேச்சுத்தமிழா, எழுத்துத்தமிழா என்பதையும் அப்போதே முடிவு செய்துகொள்ளலாம். எழுத்துத்தமிழில் இயல்பாகப் பேசுவோரும் உளர். எது என்பதைவிட, ஒன்றாக இருப்பதே வேண்டுவது.

இனி அந்தப் பட்டமளிப்புப் பதிவை மீண்டும் எழுதிப் பார்க்கலாம். “தம்பிக்கு இண்டைக்குப் பட்டம் குடுத்தவை. புதுச் சப்பாத்து காலைக் கடிச்சதாம். மேடையால இறங்கும்வரை ஒருத்தருக்கும் சொல்லேல்லை.” பெருமிதம் என்ற சொல் இல்லை, பெருமிதம் இருக்கிறது. பொங்கற் பானையைக் கண்ட அதே கண்தான் சப்பாத்தையும் கண்டது என்று படிப்பவர் உணர்கிறார்.

துயரப் பதிவு இதனினும் கடினம். அந்நேரத்தில் சொல் தேட மனம் இடந்தராது. ஆகவே கை ஆயத்த வாக்கியத்தை நாடும். இறுதிக்கிரியை நடைபெறும் நாள், நேரம், இடம் ஆகியவை பிழையின்றிப் பலரைச் சென்றடைய வேண்டும் என்பதும் உண்மை. அதற்கு அறிவித்தல் மொழியே தக்கது. ஆகவே இரண்டையும் பிரித்துவிடலாம். குடும்பத்தின் அறிவித்தலைப் படமாக இணைத்துவிட்டு, அதன் மேலே தம் சொந்தச் சொல்லாக இரண்டே வரி போதும்: “அம்மம்மா இண்டைக்கு விடிய மோசம் போட்டா. பொங்கலுக்குச் சரிஞ்ச பானையைப் பாத்துச் சிரிச்சவ.” தைமாதப் பதிவைப் படித்த கடல்கடந்த உறவினருக்கு, அந்த இரண்டாவது வரி நீண்ட இரங்கலுரையிலும் ஆழமாகச் சென்று தைக்கும். ஊருக்கு வர இயலாத ஒருவர் அந்த வீட்டை அறிவது இத்தகைய வரிகளின் மூலமாகத்தான்.

இங்கே ஓர் எல்லையையும் குறிக்க வேண்டும். குரல் வேறு, தொனி வேறு. தேர் நாளின் மகிழ்ச்சியும் சாவீட்டின் அமைதியும் ஒரே தொனியில் ஒலித்தல் ஆகாது. ஒரே மனிதர் இரண்டிடத்திலும் வேறு விதமாகவே பேசுவார். மாறாதிருக்க வேண்டியவை அவருடைய உறவுப்பெயர்களும், தன்னைக் குறிக்கும் சொல்லும், மொழிநிலையும், நோக்கும் மட்டுமே. மறுபுறம், ஒருமுறை பாராட்டப்பட்ட வரியைப் பதிவுதோறும் திரும்பத் திரும்ப வைத்தால் அதுவும் ஓர் ஆயத்த மொழியாகிவிடும். ஒவ்வொரு விழாவிலும் யாரேனும் சிரித்தார், ஏதேனும் சரிந்தது என்று எழுதினால், அடுத்த பதிவைப் படிக்குமுன்பே அதன் முடிவு தெரிந்துவிடும்.

பதிவைச் சோதிப்பதற்கு எளிய முறைகள் இரண்டு. எழுதியதை ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் வாய்விட்டுப் படிப்பது ஒன்று. வீட்டில் ஒருபோதும் சொல்லாத சொல் வந்தால் நா அங்கே இடறும். பெயரை மறைத்து, அயலார் மூவரின் பதிவுகளோடு கலந்து, நன்கு தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, எது யாருடையது என்று கேட்பது மற்றொன்று. அவர் தயங்கினால் அது எவரும் எழுதியிருக்கக்கூடிய பதிவு. ஆண்டு முடிவில் எல்லாவற்றையும் ஒரே அமர்வில் படித்துப் பார்த்தால் இடறிய இடங்கள் தாமே புலப்படும். பழையவற்றைத் திருத்தி எழுத வேண்டியதில்லை. அன்று அவர் அவ்வாறுதான் இருந்தார். அடுத்த தைப்பொங்கற் பதிவை எழுதத் தொடங்கும்போது அந்தச் சிறு தாளை மீண்டும் எடுத்துப் பார்த்தால் போதும்.