ஆடிட்டருக்கு ஒரு கடிதம்

மார்ச் 31 முடிந்ததும் பில்களை எல்லாம் ஒரு பையில் திணித்து ஆடிட்டர் அலுவலகத்தில் வைத்துவிட்டு வருவது பல கடைகளில் வழக்கம். பில்லில் தொகை இருக்கும், தேதி இருக்கும். சரக்கு எப்போது வந்தது, பணம் எதற்காக வந்தது என்பதெல்லாம் கடைக்காரருக்கு மட்டுமே தெரியும். அவற்றைச் சொல்லத்தான் பையோடு ஒரு கடிதம் வேண்டும். ஒரு பாத்திரக் கடைக்காரர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

“வணக்கம் சார். கொள்முதல், விற்பனை பில்கள், வங்கி ஸ்டேட்மென்ட், 31-ம் தேதி இரவு எண்ணிய சரக்குப் பட்டியல் எல்லாம் இத்துடன் இருக்கின்றன. மூன்று விஷயங்களில் எனக்குத் தெளிவில்லை. மார்ச் 30 தேதியிட்ட 60,000 ரூபாய் பில்லுக்கான குக்கர்கள் ஏப்ரல் 3-ல்தான் கடைக்கு வந்தன. பட்டியலில் அவை இல்லை.”

இந்த ஒரு வரி இல்லாவிட்டால் என்ன ஆகும்? பில் கொள்முதலில் ஏறிவிடும். குக்கர் இருப்பில் வராது. லாபம் 60,000 ரூபாய் குறைவாகத் தெரியும். வழியில் இருந்த சரக்கு என்று இருப்பில் சேர்க்க வேண்டும், அல்லது கொள்முதலையே அடுத்த ஆண்டுக்குத் தள்ள வேண்டும். சரக்கு எப்போது கடைக்காரருக்குச் சொந்தமானது என்பதைப் பார்த்து ஆடிட்டர் முடிவு செய்வார்.

“பித்தளைக் குடம் செய்து தருபவருக்கு 84,000 ரூபாய் பாக்கி. சரக்கு ஜனவரி 20-ல் வந்தது, பணம் ஏப்ரல் 12-ல் கொடுத்தேன். எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. அவரிடம் உத்யம் பதிவுச் சான்று இருக்கிறது; நகல் வைத்திருக்கிறேன். இதனால் வரி கூடுமா?”

கூடும். பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும். கெடு தாண்டி, ஆண்டு முடிவிலும் பாக்கி நின்றால், அந்தத் தொகையை இந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க வருமான வரிச் சட்டம் விடாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். 2023-24 நிதியாண்டிலிருந்து இப்படித்தான். இதே சரக்கு மார்ச் 28-ல் வந்து ஏப்ரல் 10-ல் பணம் கொடுத்திருந்தால் சிக்கலே இல்லை, கெடு தாண்டவில்லை. வாங்கி விற்கும் மொத்த வியாபாரிக்கு இந்த விதி பொருந்தாது. ஆகவே சரக்கு கொடுத்தவர் உற்பத்தியாளரா, வியாபாரியா என்று கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். இவ்வளவு விவரமும் எந்தப் பில்லிலும் இருக்காது.

“மார்ச் 9-ல் யு.பி.ஐ. வழியாக 25,000 ரூபாய் வந்திருக்கிறது. மைத்துனர் திருப்பித் தந்த கடனா, கல்யாண ஆர்டருக்கான முன்பணமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். விற்பனையில் சேர்க்கவில்லை.”

தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதியது மிகச் சரி. ஊகித்து விற்பனையில் போட்டிருந்தால், மைத்துனரின் பணத்துக்கு வரி கட்ட நேர்ந்திருக்கும்.

கடிதத்தில் தேதி போட்டு, நகல் ஒன்றைக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆடிட்டர் சொல்லும் பதிலையும் அந்த நகலிலேயே எழுதி வையுங்கள்.