“வீட்டுக்கே வந்துவிடுங்களேன்!”
வரன் இப்படிச் சொன்னால் என்ன பதில் சொல்வது?

இரவு பத்து மணி இருக்கும். என் தங்கை மகள் செல்போனில் கூப்பிட்டாள்.

“பெரியம்மா, தூங்கிவிட்டீர்களா? ஒரு யோசனை கேட்கவேண்டும். அம்மாவிடம் இப்போது சொல்லவேண்டாம்” என்றாள்.

அவளுக்கு வயது 29. சென்னையில் வேலை பார்க்கிறாள். பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறாள். அப்பாவும் அம்மாவும் கோவில்பட்டியில் இருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளாக அவளுக்கு வரன் பார்க்கிறார்கள். தரகர் ஒருவர் வந்து போனார். பிறகு, இந்தக் காலத்து வழக்கப்படி, இணையதளத்தில் படமும் விவரமும் பதிவு செய்தார்கள்.

அதன் மூலம் ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை என்ஜினீயர். சொந்த ஊர் திருச்சி. ஜாதகம் பொருந்திவிட்டது. “முதலில் பிள்ளைகள் இருவரும் பேசிப் பார்க்கட்டும்” என்று இரு வீட்டாரும் சொன்னார்கள். மூன்று வாரம் போனில் பேசினார்கள். நல்லபடியாகத்தான் பேசினார். அன்று இரவு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது.

“சனிக்கிழமை மாலை மேடவாக்கத்தில் என் வீட்டுக்கே வந்துவிடுங்கள். ஓட்டலில் ஒரே சத்தம். அம்மாவும் ஊரிலிருந்து வருகிறார். நிம்மதியாகப் பேசலாம்.”

“போகலாமா பெரியம்மா? மாட்டேன் என்றால் கோபித்துக்கொள்வாரோ? இந்த இடமும் தட்டிப்போனால் அம்மா அழுவாள்” என்றாள்.

அவள் பயம் எனக்குப் புரிந்தது. தனி வீட்டுக்குப் போக அவளுக்கு மனமில்லை. நல்ல இடம் கைநழுவிப் போகவும் மனமில்லை. நம் பெண்களில் பலர் இந்த இரண்டுக்கும் நடுவே நின்றுதான் “சரி” என்று சொல்லிவிடுகிறார்கள்.

அவள் ஒரு பதிலை எழுதி வைத்திருந்தாள். படித்துக் காட்டினாள். “விடுதிக்கு எட்டு மணிக்குள் திரும்பவேண்டும். அதனால் கஷ்டம்.”

“அதை அனுப்பாதே” என்றேன்.

காரணம் சொல்லாதீர்கள்

ஏன் அனுப்பக்கூடாது? காரணம் சொன்னால், அந்தக் காரணத்துக்கு மருந்து சொல்லத் தோன்றும். எட்டு மணிக்குள் திரும்பவேண்டும் என்றால், “நானே காரில் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன்” என்பார். தூரம் என்றால், “கார் அனுப்புகிறேன்” என்பார். கூச்சமாக இருக்கிறது என்றால், “அம்மாதான் இருக்கிறாரே” என்பார். ஒவ்வொரு காரணமாகக் கழன்றுபோகும். கடைசியில் சொல்ல ஒன்றும் இல்லாமல், போகத்தான் வேண்டியிருக்கும். அவர் நல்லவராக இருந்தாலும் இதுதான் நடக்கும்.

ஆகவே பதிலில் காரணமே இருக்கக்கூடாது. இடத்துக்கு மட்டும் மறுப்பு. சந்திப்புக்குச் சம்மதம். கூடவே வேறு இடமும் நேரமும் நீங்களே சொல்லிவிடவேண்டும்.

இருவரும் சேர்ந்து இப்படி எழுதினோம்:

“முதல் தடவை வெளியில்தான் சந்திக்க விரும்புகிறேன். சனிக்கிழமை மாலை 5 மணிக்குத் திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலுக்கு வாருங்கள். பக்கத்தில் காப்பி சாப்பிட்டுக்கொண்டு பேசலாம். அம்மாவையும் அழைத்து வாருங்கள். என் பெரியம்மா அவரிடம் போனில் பேச விரும்புகிறார்.”

இதில் மன்னிப்பு இல்லை. “தப்பாக நினைக்காதீர்கள்” என்ற சொல்லும் இல்லை. அவரைச் சந்தேகப்படுவதாகவும் ஒரு வார்த்தை இல்லை. பையனுக்குக் கள்ளம் இல்லாமலும் இருக்கலாம். செலவு மிச்சம் என்று நினைத்திருக்கலாம். நாலு பேர் நடுவே பேச வெட்கமாக இருக்கலாம். அப்படிப்பட்டவர் இந்தப் பதிலைப் பார்த்தால், “சரி” என்று வந்துவிட்டுப் போவார். அவருக்கு இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

கோயிலைச் சொன்னது ஏன்? இது புதிய யோசனை அல்ல. பெண் பார்க்க வீட்டுக்கு வருமுன், “கோயிலில் வைத்துப் பார்த்துக்கொள்வோம்” என்று நம் பெரியவர்கள் சொல்லுவது உண்டு. பிடித்தால் மேலே பேசலாம். பிடிக்காவிட்டால், சாமி கும்பிட வந்தவர்களைப்போல அவரவர் வீடு திரும்பலாம். யாருக்கும் தலைகுனிவு இல்லை. கோயில் வேண்டாம் என்பவர்களுக்குப் புத்தகக் கடையோ, கூட்டமுள்ள சிற்றுண்டிச் சாலையோ அதே வேலையைச் செய்யும்.

ஆனால் வெளியிடம் என்ற பெயர் மட்டும் போதாது. இருட்டிய பிறகு கடற்கரை ஓரம் வெளியிடம் அல்ல. ஓட்டலில் கதவு சாத்திய “பேமிலி ரூம்” வெளியிடம் அல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள தங்கும் விடுதியும் அல்ல. எல்லாவற்றையும் விடப் பலர் மறந்துவிடுவது காரை. “சும்மா ஒரு சுற்று போய் வரலாம்” என்று ஏறி உட்கார்ந்தால், அது கதவு பூட்டிய அறைதான். அதுவும் நகர்ந்துகொண்டே இருக்கும் அறை. வெளிச்சம் இருக்கவேண்டும். நாலு பேர் கண்ணில் படவேண்டும். நினைத்த நேரத்தில் நீங்களாக எழுந்து போக முடியவேண்டும். அதுதான் வெளியிடம்.

அவர் என்ன பதில் சொல்கிறார்?

உங்கள் பதிலைவிட, அதற்கு அவர் சொல்லும் பதில்தான் முக்கியம். சிலர் உடனே ஒப்புக்கொள்வார்கள். சிலர், “வீட்டில் வசதியாக இருக்குமே” என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்வார்கள். இரண்டும் சரிதான். ஆனால், “என்மேல் நம்பிக்கை இல்லையா?”, “கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனையே சந்தேகப்படுகிறாயா?” என்று ஆரம்பித்தால் கவனியுங்கள். அவர் இடத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். உங்களைக் குற்றவாளி ஆக்கப் பார்க்கிறார். அதற்கும் விளக்கம் சொல்லவேண்டாம். “நான் சொன்ன இடத்தில் சந்திக்கலாம்” என்று அதே வரியை மறுபடி அனுப்புங்கள். மூன்றாம் தடவையும் வற்புறுத்தினால், அந்த வரனை விட்டுவிடலாம்.

“இணையதளத்தில் எல்லாம் சரிபார்த்துத்தானே போடுகிறார்கள்?” என்று கேட்கலாம். திருமண இணையதளங்கள் அடையாளச் சான்று வாங்கிச் சரிபார்க்கவேண்டும் என்று மத்திய அரசு 2016-ம் ஆண்டு நெறிமுறை வெளியிட்டது. ஆனால் சான்று என்பது பெயரையும் முகவரியையும் காட்டும் காகிதம். குணத்தைக் காட்டாது.

என் தங்கை மகளுக்கு ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. “சரி, கோயிலுக்கே வருகிறேன்.” அவளுக்கு ஒரே சந்தோஷம். அவர் அம்மாவோடு நான் பேசவேண்டும் என்று கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. அதை அவள் கவனிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை அவள் தனியாக பஸ்ஸில் போனாள். “நான் வந்து அழைத்துப்போகிறேன்” என்று அவர் சொன்னதை ஏற்கவில்லை. விடுதி இருக்கும் தெரு அவருக்குத் தெரியவேண்டியதில்லை அல்லவா? அவர் படம், போன் நம்பர், போகும் இடம், திரும்பும் நேரம் எல்லாம் என்னிடம் இருந்தன. வாட்ஸ்அப்பில் தான் இருக்கும் இடத்தை எனக்குத் தெரியும்படி வைத்திருந்தாள். 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று அதில் மூன்று அளவு உண்டு. 8 மணியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். பெரியவர்களே, இந்த ஒன்றை நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். கடினமே இல்லை.

ஐந்து மணி ஆயிற்று. அவர் வரவில்லை. ஐந்து இருபதுக்குப் போன் வந்தது.

“அம்மாவுக்குத் திடீரென்று முழங்கால் வலி. எழுந்திருக்கவே முடியவில்லை. உங்களைப் பார்க்கவேண்டும் என்று ஆசையாக இருக்கிறார். கார் அனுப்பியிருக்கிறேன். ஏறி வந்துவிடுங்கள்.”

கடைசி நேரத்தில் இடத்தை மாற்றுவது என்பது இதுதான். புறப்பட்டு வந்தாயிற்று. நல்ல புடவை கட்டியாயிற்று. உடம்பு சரியில்லாத ஒரு தாய் காத்திருக்கிறார். இந்த நேரத்தில் மறுப்பதற்குத்தான் மனம் இடம் கொடுக்காது. இதற்கும் பதிலை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தேன். இடம் மாறினால் நாளும் மாறட்டும்.

“அம்மாவுக்கு உடம்பு சரியாகட்டும். வேறொரு நாள் பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள். கார் வந்ததா என்று நின்று பார்க்கவில்லை.

அன்று இரவு, “நம்பிக்கை இல்லாத பெண் எனக்கு வேண்டாம்” என்று செய்தி வந்தது. என் தங்கைக்கு விஷயம் தெரிந்து, என்னோடு சண்டைக்கு வந்தாள். “நல்ல இடத்தைக் கெடுத்துவிட்டாயே அக்கா!” என்றாள். மறுநாள் மனம் கேளாமல், திருச்சிக்குப் போன் செய்தாள். பையனின் அம்மாவிடம், “முழங்கால் வலி எப்படி இருக்கிறது?” என்று விசாரித்தாள்.

“எனக்கா? வலி ஒன்றும் இல்லையே. நான் ஊரை விட்டே போகவில்லையே” என்றார் அந்த அம்மாள்.

அந்தப் பையன் என்ன நினைத்துக் கூப்பிட்டார் என்பது எனக்குத் தெரியாது. பொய் சொல்லிக் கூப்பிட்டார் என்பது மட்டும் தெரியும். பையன்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெண் பெயரில் தனி இடத்துக்கு வரவழைத்து, படம் எடுத்து மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களும் உண்டு. மாப்பிள்ளைக்கும் இதே விதிதான். ஆபத்து என்றால் 112. பெண்களுக்கான உதவிக்கு 181. போனில் மிரட்டிப் பணம் பறித்தால் 1930.

ஒப்புக்கொண்டு கோயிலுக்கு வந்தவர் எல்லாம் உத்தமர் என்றும் சொல்லமாட்டேன். பொறுமையாகக் காத்திருக்கத் தெரிந்த கெட்டவர்களும் இருக்கிறார்கள். ஆகையால் இரண்டாவது, மூன்றாவது சந்திப்பும் வெளியில்தான். வீட்டுக்குப் போவது என்பது, பெரியவர்கள் விசாரித்து முடித்த பிறகு, பெரியவர்களோடு.

நான்கு மாதம் கழித்து அவளுக்கு வேறொரு வரன் வந்தது. ஆச்சரியம், அவரும், “வீட்டுக்கு வாருங்களேன், அக்கா நன்றாகச் சமைப்பாள்” என்றுதான் எழுதினார். இவளும் அதே பதிலை அனுப்பினாள்.

“ஓ, சரிங்க. அதே கோயிலா? அக்காவையும் கூட்டி வரட்டுமா? இது அவள் நம்பர். உங்கள் பெரியம்மாவைப் பேசச் சொல்லுங்கள்” என்று பதில் வந்தது.

அக்காவும் தம்பியும் கால் மணி முன்னாலேயே வந்து காத்திருந்தார்கள். மூவரும் காப்பி சாப்பிட்டார்கள். முக்கால் மணி நேரம் பேசினார்கள். பையன் வெளிநாட்டு வேலைக்குப் போக இருக்கிறார். இவளுக்கு ஊரை விட்டுப் போக விருப்பம் இல்லை. ஆகவே அந்தச் சம்பந்தம் அமையவில்லை.

“எப்படி இருந்தது?” என்று கேட்டேன்.

“நல்ல மனிதர்கள் பெரியம்மா. காப்பிக்கு என் பங்கைக் கொடுத்தபோது மட்டும், அந்த அக்கா வாங்கவே மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்” என்றாள்.

ஆறரை மணிக்கெல்லாம் விடுதிக்குத் திரும்பிவிட்டாள்.