வரையாமலே வந்த வளைவு

சில வருடங்களுக்கு முன் கல்லூரி உள்தேர்வு ஒன்றில் இப்படி ஒரு கேள்வி கொடுத்திருந்தேன்: y = px − p² என்ற வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு (2, 1) என்ற புள்ளி வழிச் செல்லும் சிறப்புத் தீர்வைக் காண்க. இதில் p என்பது dy/dx, அதாவது வளைவரையின் சாய்வு. ஒரு மாணவி y = x²/4 என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடு போட்டு முடித்திருந்தாள். ஐந்துக்கு ஒரு மதிப்பெண் போட்டேன். தாளைக் கொடுத்த அன்றே வந்து நின்றாள்.

“சார், பிரதியிட்டுப் பாத்தேன், சரியா வருது. (2, 1) வழியாவும் போகுது. அப்புறம் ஏன் சார் மார்க் இல்ல?”

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. y = x²/4 என்றால் p = x/2. அதை வலப்பக்கம் போட்டால் x²/2 − x²/4, அதாவது x²/4. சமன்பாடு நிறைவேறுகிறது. x = 2 என்றால் y = 1. எல்லாம் பொருந்துகிறது. ஆனாலும் நான் கேட்டது அது இல்லை.

இந்த வகைச் சமன்பாட்டுக்கு கிளைரோ சமன்பாடு என்று பெயர். பிரெஞ்சுக் கணிதர் அலெக்சி கிளைரோ 1734-இல் இதைப் பற்றி எழுதினார். இதைத் தீர்க்கும் வழி விசித்திரமானது. தொகையிடத்தான் போகிறோம் என்று நினைத்தால், முதல் வேலையே மறுபடி ஒருமுறை வகையிடுவது. இருபுறமும் x-ஐப் பொறுத்து வகையிட்டால், இடப்பக்கம் p வருகிறது. வலப்பக்கமும் ஒரு p வருகிறது. இரண்டும் அடிபட்டுப் போக, மிஞ்சுவது இதுதான்:

(x − 2p) · dp/dx = 0

ஒரு பெருக்கல் பூச்சியம் என்றால், இரண்டில் ஒன்றாவது பூச்சியமாக இருக்க வேண்டும். dp/dx = 0 என்று எடுத்தால் p ஒரு மாறிலி. அதை c என்று வைத்துச் சமன்பாட்டில் போட்டால் y = cx − c². இதுதான் பொதுத் தீர்வு. c-க்கு எந்த எண்ணை வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நேர்கோடு கிடைக்கும். அதனால் பொதுத் தீர்வு என்பது ஒரு கோடு இல்லை, கோடுகளின் குடும்பம். அந்தக் குடும்பத்தில் ஒருவரைக் கைகாட்டிச் சொன்னால் அது சிறப்புத் தீர்வு. c = 3 என்றால் y = 3x − 9, அது ஒரு சிறப்புத் தீர்வு.

மற்ற காரணியைப் பூச்சியம் என்று எடுத்தால் p = x/2. அதைப் போட்டால் y = x²/4, ஒரு பரவளையம். இதில் c என்ற எழுத்தே இல்லை. c-க்கு எந்த மதிப்பைக் கொடுத்தாலும் y = cx − c² நேர்கோடாகத்தான் இருக்கும்; ஒருநாளும் வளையாது. ஆகவே இந்தப் பரவளையம் குடும்பத்துக்கு வெளியே நிற்கும் ஆள். வகுப்பில் நாங்கள் இதைச் சிங்குலர் தீர்வு என்றே சொல்கிறோம். ‘தனித் தீர்வு’ என்று தமிழில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பையன்கள் அதையும் சிறப்புத் தீர்வையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டார்கள், விட்டுவிட்டேன்.

வெளியே நிற்கும் ஆள் என்றாலும் உறவு இல்லாத ஆள் இல்லை. ஒரு கிராஃப் தாளை எடுத்து c = 1, 2, 3, −1, −2 என்று ஐந்தாறு கோடுகளை ஸ்கேல் வைத்துப் போட்டுப் பாருங்கள். இடையில் அரை, ஒன்றரை என்று இன்னும் சில. கோடுகள் நெருங்க நெருங்க, அவற்றுக்கு மேலே ஒரு கிண்ணத்தின் விளிம்பு தானாகத் தெரிய ஆரம்பிக்கும். பென்சில் அந்த வளைவில் ஓடவே இல்லை, ஆனால் வளைவு அங்கே இருக்கிறது. அதுதான் y = x²/4. ஒவ்வொரு கோடும் அதை (2c, c²) என்ற புள்ளியில் தொட்டுக்கொண்டு போகிறது. தொடும் இடத்தில் கோட்டுக்கும் வளைவுக்கும் சாய்வு ஒன்றே. சமன்பாடு பார்ப்பதோ x, y, சாய்வு மூன்றைத்தான். கோடுகளுக்குச் சரி என்றால் அவை தொடும் வளைவுக்கும் சரி என்று ஆவது இதனால்தான். இந்த விளக்கத்தைத் தெளிவாக்கியவர் லக்ராஞ்சு, 1774-இல். அதற்கு முன் ஆய்லரே இதை ஒரு முரண்புதிர் என்று எழுதிவைத்திருந்தார்.

கிண்ணத்துக்கு உள்ளே ஒரு கோடும் நுழைவதில்லை. (0, 1) வழிச் செல்லும் தீர்வு கேட்டால் 1 = −c² என்று வரும்; மெய்யெண்ணில் விடை கிடையாது. கிண்ணத்துக்கு வெளியே (3, 2) என்ற புள்ளியை எடுத்தால் c² − 3c + 2 = 0; c = 1 அல்லது 2. அப்படியானால் y = x − 1, y = 2x − 4 என்று இரண்டு சிறப்புத் தீர்வுகள். ஒன்றை மட்டும் எழுதிவிட்டு வந்தால் பாதி மதிப்பெண்தான்.

கிண்ணத்தின் விளிம்பிலேயே இருக்கும் புள்ளிதான் (2, 1). அங்கே 1 = 2c − c², அதாவது (c − 1)² = 0. ஒரே கோடு, y = x − 1. நான் கேட்டது இது. மாணவி எழுதியது அதே புள்ளி வழியாகப் போகும் சிங்குலர் தீர்வு. நான் வெறுமனே ‘தீர்வு காண்க’ என்று கேட்டிருந்தால் அவள் விடையை அடிக்க எனக்கு உரிமை இருந்திருக்காது. அதே கேள்விக்கு y = x − 1 மட்டும் எழுதியவருக்கும் முழு மதிப்பெண் போட்டிருக்க முடியாது.

‘பொது’ என்ற சொல்தான் ஆளை ஏமாற்றுகிறது. பொதுத் தீர்வு என்றால் எல்லாத் தீர்வும் அதற்குள் அடக்கம் என்று தோன்றும். மாணவர்கள் முதலில் படிக்கும் நேரியல் சமன்பாடுகளில் அது உண்மையும்கூட. அங்கே கெழுக்கள் ஒழுங்காக இருந்தால் சிங்குலர் தீர்வு தலைகாட்டாது. அந்தப் பழக்கத்தில் இங்கே வந்து, (x − 2p)-ஐ இருபுறமும் வகுத்து அடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு அடியில் பரவளையம் காணாமல் போகிறது. p² − xp + y = 0 என்று மாற்றி எழுதி, தன்மைகாட்டி x² − 4y = 0 என்று குறுக்கு வழியில் பரவளையத்தைப் பிடிப்பவர்களும் உண்டு. பிடிக்கலாம், ஆனால் பிரதியிட்டுப் பார்த்தாக வேண்டும். p² = x என்ற சமன்பாட்டில் அதே வழி x = 0 என்று கொடுக்கும். அது y-அச்சு, தீர்வே இல்லை.

அதனால் விடைத்தாளில் நான் எதிர்பார்ப்பது மூன்று சிறு வாக்கியங்கள். “பொதுத் தீர்வு: y = cx − c², இங்கு c மாறத்தக்க மாறிலி.” “சிங்குலர் தீர்வு: y = x²/4; c-யின் எம்மதிப்புக்கும் இது கிடைக்காது.” புள்ளி கொடுத்திருந்தால், “சிறப்புத் தீர்வு: c = 1, எனவே y = x − 1.” பெயர் போடாமல் கடைசி வரியில் y = x²/4 என்று மட்டும் நின்றால், திருத்துபவருக்கு அது காரணிப்படுத்தி வந்ததா, வாய்ப்பாடாக மனப்பாடம் செய்ததா என்று தெரிய வழியில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அந்த மாணவி கிராஃப் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை y = x − 1 கோட்டில் வைத்து மேலே நகர்த்தினாள். (2, 1) வந்ததும் கோட்டை விட்டுவிட்டு வளைவில் ஏறினாள்.

“இப்படிப் போகலாமா சார்?”

போகலாம். x ≤ 2 வரை கோடு, அதற்குப் பிறகு பரவளையம். சேரும் இடத்தில் இரண்டுக்கும் சாய்வு 1. சமன்பாடு எங்கும் உடையவில்லை. அதுவும் தீர்வுதான்.

“அப்ப இதுக்கு என்ன பேரு எழுதணும்?”

மூன்று பெயரில் ஒன்றும் பொருந்தாது என்றேன். இரண்டு பகுதியையும் இடைவெளியோடு எழுதிவிடு என்றும் சொன்னேன்.