அவரவர் உடம்பு, அரசின் ஊசி

தட்டம்மைக்கு அரசு ஏன் ஊசி போடுகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். ஊசி போடாத குழந்தை பக்கத்து வீட்டுக்கும் நோயைக் கொண்டுபோகும். நூற்றுக்கு 95 பேருக்காவது போட்டால்தான் பரவல் நிற்கும். டெட்டனஸ் கதை வேறு. அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் கிடக்கிறது. காயத்தின் வழியே உள்ளே போகிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. ஊசி போட்டவருக்கு மட்டுமே பாதுகாப்பு. அப்படியானால் அதை அவரவர் விருப்பத்துக்கே விட்டுவிடலாமே?

இந்தக் கேள்விக்கு இடம் கொடுத்தவர் ரிச்சர்ட் மஸ்கிரேவ். மக்கள் தாமாக வாங்கும் அளவு போதாது என்று கருதி அரசே முன்னின்று பரப்பும் பண்டங்களுக்கு, 1950களில் அவர் ‘மெரிட் கூட்ஸ்’ என்று பெயரிட்டார். தனிமனிதர் விருப்பத்தில் அரசு குறுக்கிடுகிறது என்பதை அவர் மறைக்கவில்லை. அந்தக் குறுக்கீட்டுக்கு என்ன நியாயம் என்பதுதான் சிக்கல்.

ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்தில் இதற்கு ஒரு விடை கிடைத்தது. அங்கே ஊசி இலவசம். ஆனால் துணை சுகாதார நிலையங்கள் பாதி நாளுக்கு மேல் பூட்டிக் கிடந்தன. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ குழுவினர் சேவா மந்திர் அமைப்புடன் சேர்ந்து 134 கிராமங்களில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு பகுதி கிராமங்களை அப்படியே விட்டார்கள். இன்னொரு பகுதியில் மாதந்தோறும் தவறாமல் முகாம் நடத்தினார்கள். மூன்றாவது பகுதியில் முகாமோடு, ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு, எல்லா ஊசியும் முடிந்ததும் சாப்பாட்டுத் தட்டுகள் கொடுத்தார்கள்.

எல்லா ஊசிகளையும் முடித்த குழந்தைகள் முதல் வகையில் 6 சதவீதம், முகாம் மட்டும் நடந்த ஊர்களில் 18, பருப்பும் கொடுத்த ஊர்களில் 39. 2010இல் வெளியான இந்த முடிவில் நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. முகாம் மட்டும் நடந்த ஊர்களிலும் பெரும்பாலான பெற்றோர் முதல் ஊசிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். அடுத்தடுத்த ஊசிகளில்தான் நின்றுபோனார்கள். ஊசி வேண்டாம் என்பது அவர்கள் முடிவாக இருந்திருந்தால் ஒரு கிலோ பருப்பு அதை மாற்றியிருக்காது. அரை நாள் கூலியும் பிள்ளைக்கு வரும் காய்ச்சலும் இன்றைக்கே தெரிகின்றன. வராமல் போகும் நோய் என்றைக்கும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போகிறது. மேலும், முடிவெடுப்பவர் பெற்றோர். விளைவைச் சுமப்பது குழந்தை.

பருப்பு வீண்செலவு என்பாரும் உண்டு. யார் வந்தாலும் வராவிட்டாலும் செவிலியருக்குச் சம்பளம் ஒன்றுதான். கூட்டம் கூடியதால், முழுமையாக ஊசி முடித்த ஒரு குழந்தைக்கான செலவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

ஆனாலும் பத்தில் ஆறு குழந்தைகள் முடிக்கவில்லை. டெட்டனஸைப் பொறுத்தவரை, முடித்த ஒவ்வொரு குழந்தைக்கும் பலன் முழுசு. அதே முகாமில் போட்ட தட்டம்மை ஊசிக்கோ 39 போதாது, 95 வேண்டும். பருப்போடு நிறுத்திக்கொள்வதா, பள்ளிச் சேர்க்கைக்கு ஊசிச் சான்றைக் கட்டாயமாக்குவதா என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது. அதை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.