கேட்பது ஒரு தடவைதான்

டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. அதற்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் கடைசி வகுப்பு. சென்னையில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஆபீஸ் முடிந்து ஓடி வருகிறவர்கள், கல்லூரிப் பையன்கள், ஜப்பானில் முதியோர் இல்ல வேலைக்குப் போகக் காத்திருக்கும் இரண்டு நர்ஸ்கள், ஐம்பதை நெருங்கும் நான் என்று எல்லோரும் நனைந்த குடைகளை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனோம். எங்கள் ஆசிரியை புத்தகம் எதுவும் கொண்டு வரவில்லை. கையில் ஒரு சின்ன ஸ்பீக்கர் மட்டும் இருந்தது.

"இன்னைக்குப் புதுசா ஒரு வார்த்தைகூடச் சொல்லித் தரமாட்டேன். ரெண்டு நாள்ல எதுவும் ஏறாது. மார்க் எங்கே போகுதுன்னு மட்டும் சொல்றேன்" என்றார்.

நாங்கள் எழுதவிருந்தது ஜேஎல்பிடி என்கிற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் நான்காம் நிலை. 1984-இல் தொடங்கிய தேர்வு இது. 2010-இல் திருத்தி அமைத்ததிலிருந்து ஐந்து நிலைகள். என்-5 அடிமட்டம், என்-1 உச்சி. ஜப்பான் 2019-இல் கொண்டுவந்த தொழிலாளர் விசாவுக்கு என்-4 சான்றிதழும் ஒரு வழி என்பதால் இந்த நிலைக்குக் கூட்டம் அதிகம். பேச வேண்டியதில்லை, எழுத வேண்டியதில்லை. விடைத்தாளில் வட்டத்தைக் கறுப்புப் பென்சிலால் நிரப்பினால் போதும். கேட்கச் சுலபமாக இருக்கிறது, இல்லையா?

சென்செய் (ஜப்பானிய வகுப்பில் ஆசிரியரை 'மிஸ்', 'மேடம்' என்று கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் சென்செய்தான்) பின்வரிசையில் இருந்த ஒரு தம்பியை எழுப்பினார். அவருக்கு இது இரண்டாவது முயற்சி. "போன தடவை மார்க்கைச் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க."

சொன்னார். சொல், இலக்கணம், வாசிப்பு எல்லாம் சேர்ந்த பகுதியில் 120-க்கு 84. கேட்டல் பகுதியில் 60-க்கு 17. மொத்தம் 101. தேற வேண்டியது 180-க்கு 90தான். ஆனாலும் அவர் தேறவில்லை. மொத்தம் 90 வந்தால் மட்டும் போதாது. முதல் பகுதியில் 38, கேட்டலில் 19 என்று தனித்தனிக் கோடுகள் உண்டு. ஒன்றில் வழுக்கினாலும் முழுத் தேர்வும் போச்சு. இரண்டு மார்க்கில் ஆறு மாதம் போயிற்று அவருக்கு.

"அப்போ 19-க்கு எத்தனை கேள்வி சரியா போடணும் சென்செய்?" என்று முன்வரிசையில் ஒரு பெண் கேட்டார். அப்படிக் கணக்குப் போடவே முடியாது என்பதுதான் பதில். இந்தத் தேர்வில் கேள்விக்கு ஒரு மார்க் என்று கூட்டுவதில்லை. எந்தெந்தக் கேள்விக்குச் சரியாக விடை சொன்னோம், எதில் தவறினோம் என்ற கோலத்தை வைத்துப் புள்ளியியல் முறையில் மார்க்கை வரையறுக்கிறார்கள். ஒரே எண்ணிக்கையில் சரியான விடை போட்ட இரண்டு பேருக்கு வேறு வேறு மார்க் வரலாம். தவறான விடைக்கு மார்க் குறைப்பதில்லை என்பது ஒன்றுதான் நிச்சயம். ஆகவே எந்த வரியையும் வெற்றாக விடக் கூடாது.

பிறகு அவர் பேசியதெல்லாம் கேட்டல் பகுதியைப் பற்றித்தான். சுமார் 35 நிமிடம். ஒலிப்பதிவு ஒரே ஒரு தடவைதான் ஓடும். வீட்டில் பழகும்போது நாம் கூச்சமில்லாமல் பின்னால் இழுத்து இழுத்துக் கேட்கிறோமே, அந்தச் சௌகரியம் அங்கே கிடையாது. விடைகளை வினாத்தாளில் குறித்து வைத்துக் கடைசியில் விடைத்தாளுக்கு மாற்றலாம் என்று நினைப்பவர்களுக்கும் அதற்கென்று தனி நேரம் தரமாட்டார்கள்.

ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார். அவரே தோழி ஒருவரோடு பேசிப் பதிவு செய்த உரையாடல். முதலில் கேள்வி வருகிறது: அந்த ஆள் இனி என்ன செய்ய வேண்டும்? எங்கள் தாளில் நான்கு படங்கள். நகல் எடுப்பது, ஜன்னல் திறப்பது, தேநீர் வாங்குவது, தனகா என்பவருக்குப் போன் செய்வது.

உரையாடல் இப்படிப் போனது. மூன்று மணிக்குக் கூட்டம், இந்தத் தாளை இருபது நகல் எடுங்கள் என்கிறார் அதிகாரி. சரி, தனகாவுக்குப் போன் செய்யட்டுமா என்கிறார் ஊழியர். "தனகா-சான் வா மோ கிதெ இமஸ்" என்கிறார் அதிகாரி. தொடர்ந்து, "சோனொ மாஎ நி", அதாவது நகலுக்கு முன்னால், ஜன்னலைத் திறந்துவிடுங்கள் என்கிறார். ஜன்னலைச் சற்றுமுன்பே திறந்துவிட்டேன் என்கிறார் ஊழியர். அப்படியானால் சரி, தேநீரை நான் வாங்கிக்கொள்கிறேன் என்று முடிக்கிறார் அதிகாரி.

எங்களில் பாதிப்பேர் ஜன்னலைப் போட்டிருந்தோம். 'முன்னால்' என்ற சொல் காதில் விழுந்ததும் மனம் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அடுத்த வாக்கியத்தில் அந்த வேலை அடிபட்டுப் போனது எட்டவே இல்லை. "விடையைத் தேடாதீங்க. ஒவ்வொண்ணா அடிச்சுக்கிட்டே வாங்க" என்றார் சென்செய். வினாத்தாளில் குறிப்பெழுத அனுமதி உண்டு. தனகா வந்துவிட்டார், போன் படத்தில் ஒரு குறுக்குக் கோடு. ஜன்னல் திறந்தாயிற்று, இன்னொரு கோடு. தேநீர் அதிகாரியின் பொறுப்பு, மூன்றாவது கோடு. மிச்சம் நகல். கேள்வியை ஆக்குகிறவர்கள் எல்லாப் படங்களையும் உரையாடலுக்குள் கொண்டுவந்து, மூன்றைக் கழித்துவிடுகிறார்கள். காதில் விழுந்த சொல்லை வைத்து விடை போடுகிறவன் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதே ஏற்பாடு.

ஆனால் நான்கைந்து பேர் போன் படத்தைப் போட்டிருந்தார்கள். அவர்களிடம்தான் சென்செய் அதிக நேரம் நின்றார். ஏனென்றால் அது தமிழனுக்கே உரிய தடுமாற்றம்.

ஜப்பானிய இலக்கணம் நமக்குப் பல இடங்களில் அப்படியே பொருந்தும். வினை கடைசியில் வரும். சாப்பிட்டுப் பார் என்பதை அவர்களும் 'சாப்பிட்டு' (தபெதெ) என்று சொல்லி, 'பார்' (மிரு) என்று சேர்ப்பார்கள். வாங்கி வை என்பதில் நாம் 'வை' போடும் இடத்தில் அவர்களும் வைப்பதற்கான 'ஒகு'வைத்தான் போடுகிறார்கள். இங்கிலீஷ் வழியாகப் படிப்பவர்கள் மனப்பாடம் செய்கிற பாடத்தை நாம் சிரித்துக்கொண்டே தாண்டிவிடுவோம். அந்தச் சிரிப்புதான் 'இரு'வில் போய் மாட்டுகிறது. நமக்கு 'வந்திருக்கிறார்' வேறு, 'வந்துகொண்டிருக்கிறார்' வேறு. அவர்களுக்கு இரண்டு வேலையையும் ஒரே 'தெ இரு' செய்கிறது. எது என்பதை வினையே முடிவு செய்யும். 'தபெதெ இமஸ்' என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். 'கிதெ இமஸ்' என்றால் வந்திருக்கிறார். பாடப்புத்தகத்தின் முதல் உதாரணம் சாப்பாடாக இருந்ததால், 'கொண்டிருக்கிறார்' என்றே பழகிய காது தனகாவை வழியிலேயே நிறுத்திவிட்டது. எங்கே இருக்கிறார் என்று போன் போட வேண்டும் போலிருக்கிறது என்று அவர்கள் நினைத்ததில் தப்பே இல்லை.

"போறது, வர்றது, கல்யாணம் ஆறது. இதெல்லாம் நடந்து முடிஞ்சு அப்படியே நிக்கிற நிலை. 'கெக்கொன் ஷிதெ இமஸ்'னு ஒருத்தர் சொன்னா, மேடையில தாலி கட்டிக்கிட்டு இருக்கார்னு நினைக்காதீங்க. அவர் கல்யாணமானவர்" என்றார். வகுப்பு சிரித்தது. அந்த வரி எனக்கு இனி மறக்காது.

இன்னொரு தடுமாற்றத்தையும் எங்கள் நோட்டிலிருந்தே எடுத்துக் காட்டினார். கற்றுக்கொண்ட புதிதில் உச்சரிப்பைத் தமிழெழுத்தில் குறித்து வைத்தவர்களில் நானும் ஒருவன். என் நோட்டில் 'தென்கி' என்று இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று வானிலை, இன்னொன்று மின்விளக்கு. முதல் சொல்லில் வருவது 'தந்தை'யின் முதல் த, அடுத்ததில் 'தயவு' என்று பேச்சில் அழுத்திச் சொல்லும் த. நம் எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. அதேபோல் சாவிக்கும் சீமைப் பனிச்சைப் பழத்துக்கும் என் நோட்டில் 'ககி' ஒன்றுதான். குறில் நெடிலிலும் ஒற்று இரட்டிப்பதிலும் தமிழ்க் காது கெட்டி; 'கிதெ' வந்து, 'கித்தெ' தபால்தலை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த வல்லின ஓசையில்தான் வழுக்கல். தென்கியை அணை என்றால் விளக்குத்தான், வானிலையை யாரும் அணைக்க முடியாது. ஆகவே விடை தப்புவது அபூர்வம். ஆனால் எது எது என்று யோசிக்க ஒரு நொடி ஆகிறது. அந்த ஒரு நொடியில் அடுத்த வாக்கியம் கடந்துபோய்விடுகிறது.

கடைசிப் பிரிவில் தாளில் படமும் இருக்காது, எழுத்தும் இருக்காது. ஒருவர் ஒரு வாக்கியம் சொல்வார், மூன்று பதில்கள் ஒலிக்கும், பொருத்தமானதைக் குறிக்க வேண்டும். "கசா ஓ கஷிமஷோ கா?", குடை தரட்டுமா என்று கேட்டார் சென்செய். பதில்கள்: ஆமாம், கொடுத்துவிட்டேன். நன்றி, பெரிய உதவி. ஆமாம், குடைதான். நமக்குச் சரியான பதில் நடுவில் இருப்பது தமிழில் பளிச்சென்று தெரிகிறது. ஜப்பானிய மொழியில் ஓடும்போது, கேள்வியில் வந்த குடையோ கொடுத்தலோ பதிலிலும் கேட்டால் கை அங்கே போகும். கேட்ட சொல்லே திரும்பி வந்தால் சந்தேகப்படுங்கள் என்றார். எல்லா இடத்திலும் பலிக்காது, ஆனால் திகைத்து நிற்பதற்கு அது மேல்.

"ஒண்ணு போயிடுச்சா, ஏதாவது ஒரு வட்டத்தை நிரப்பிட்டு விட்டுடுங்க. போன தடவை தம்பி தோத்தது தெரியாத கேள்வியில இல்ல. தெரியாத கேள்வியையே நினைச்சுக்கிட்டு, தெரிஞ்ச அடுத்த மூணைக் கேட்காம விட்டதுல." அந்தத் தம்பி தலையை ஆட்டினார். அவரே முன்பு சொல்லியிருந்ததாம்.

எட்டரைக்கு முடிந்தது. போனை அணைத்துவிடுங்கள், சைலன்ட்டில் வைக்காதீர்கள், ஒலித்தால் சிவப்பு அட்டை, எழுதியது எல்லாம் வீண் என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே வந்தார். 'கம்பத்தெ குதசாய்' என்று நாங்கள் எதிர்பார்த்த வாழ்த்தைச் சொல்லவில்லை. யாருடைய குடையோ மாறிப்போய்விட்டதென்று தேடிக்கொண்டிருந்தார்.

ஜனவரியில் முடிவு வந்தது. பின்வரிசைத் தம்பி தேறிவிட்டார், கேட்டலில் 33. எனக்குக் கேட்டலில் 31. முதல் பகுதியில் 57. கூட்டினால் 88. ஜூலைத் தேர்வுக்குப் பணம் கட்டியிருக்கிறேன்.